இரும்பு என்று ஏமாற்றிய கம்பி: ஆய்வுக் குறிப்பேட்டில் அடுக்குகளைச் சீராக எழுதுவது எப்படி?

இந்த வாரம் ஒரு கம்பியின் கதையிலிருந்து தொடங்குவோம்.

என் ஆய்வகத்தில் படிவம் 5 மாணவர்களுக்கு ஒரு வேலை கொடுத்திருந்தேன். பெயர் ஒட்டப்படாத ஒரு கம்பி. அதன் மின்தடை எண்ணைக் கண்டுபிடித்து, அது எந்த உலோகம் என்று சொல்ல வேண்டும். ஒரு குழு மற்றவர்களுக்கு முன்பே முடித்துவிட்டது. "டீச்சர், எங்களுக்கு 1.0 × 10⁻⁷ ஓம் மீட்டர் வந்திருக்கு. இது இரும்பு!" என்றார்கள். பாடநூல் அட்டவணையில் இரும்புக்கு உள்ள மதிப்பும் ஏறக்குறைய அதுதான். விடை அச்சாகப் பொருந்தியதால் அவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

நான் மேசை இழுப்பறையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கொடுத்தேன். கம்பி காந்தத்தில் ஒட்டவில்லை. இரும்பாக இருந்தால் ஒட்டியிருக்க வேண்டுமே!

அம்மீட்டரைச் சந்தேகித்தார்கள், சரியாக இருந்தது. வோல்ட்மீட்டரும் சரி. கம்பியின் நீளத்தை மீண்டும் அளந்தார்கள், அதுவும் சரி. கடைசியில் பிழை எந்தக் கருவியிலும் இல்லை, குறிப்பேட்டில் இருந்தது. ஐந்து அளவீடுகளை எழுதிய விதத்தில் இருந்தது.

ஐந்து அளவீடுகள்

மின்தடை எண்ணைக் கணக்கிட, கம்பியின் குறுக்குவெட்டுப் பரப்பு தேவை. பரப்புக்கு விட்டம் தேவை. கம்பி எல்லா இடத்திலும் ஒரே தடிமனாக இருக்காது. அதனால் திருகு அளவியைக் கொண்டு வெவ்வேறு இடங்களில் ஐந்து முறை அளந்து, சராசரி எடுக்கிறோம். நம் திருகு அளவி 0.01 மில்லிமீட்டர் வரை காட்டும். சுழிப் பிழையைக் கழித்த பிறகு அந்தக் குழுவுக்குக் கிடைத்தவை இவை:

0.98 மி.மீ., 1.01 மி.மீ., 0.99 மி.மீ., 1.00 மி.மீ., 1.01 மி.மீ.

நல்ல அளவீடுகள். ஒன்றுக்கொன்று மிக நெருக்கமாக இருக்கின்றன. அடுத்து இவற்றை மீட்டருக்கு மாற்றி, அறிவியல் குறியீட்டில் எழுத வேண்டும். படிவம் 3 கணிதத்தில் 'பெந்துக் பியாவாய்' என்று நீங்கள் படித்ததும் இதுதான். முன்னால் வரும் எண் 1 அல்லது அதற்கு மேல், ஆனால் 10க்குக் கீழே இருக்க வேண்டும். அதை 10இன் ஓர் அடுக்கால் பெருக்க வேண்டும். குழுவினர் அந்த விதியைப் பிசகாமல் பின்பற்றி இப்படி எழுதினார்கள்:

9.8 × 10⁻⁴
1.01 × 10⁻³
9.9 × 10⁻⁴
1.00 × 10⁻³
1.01 × 10⁻³

ஒவ்வொரு வரியும் சரி. கணித ஆசிரியர் ஒவ்வொன்றுக்கும் முழு மதிப்பெண் கொடுப்பார். ஆனால் பட்டியலாகப் பார்த்தால் இதில் ஒரு பொறி இருக்கிறது. 1 மில்லிமீட்டர் என்ற எல்லைக்கோட்டின் இரண்டு பக்கமும் அளவீடுகள் விழுந்திருக்கின்றன. கோட்டுக்குக் கீழே உள்ளவை 10⁻⁴ ஆகிவிட்டன, கோட்டிலும் மேலேயும் உள்ளவை 10⁻³ ஆகிவிட்டன. முன்னால் நிற்கும் எண்களை மட்டும் பார்க்கும் கண்ணுக்கு 9.8 பெரியதாகவும் 1.01 சிறியதாகவும் தெரிகிறது. உண்மை அதற்கு நேர்மாறு.

தவறு எப்படி நடந்தது?

சராசரி எடுக்கும் வேலை குழுவில் ஒரு மாணவியிடம் போனது. அவர் அடுக்குகளை ஓரமாக வைத்துவிட்டு, முன்னால் உள்ள எண்களை மட்டும் கூட்டினார்.

9.8 + 1.01 + 9.9 + 1.00 + 1.01 = 22.72

அதை ஐந்தால் வகுத்தால் 4.54. முதல் வரியில் 10⁻⁴ இருந்ததால் விடைக்கும் அதையே போட்டார். விட்டம் 4.54 × 10⁻⁴ மீட்டர், அதாவது 0.454 மி.மீ.

இங்கே அவருக்கு ஒரு துரதிர்ஷ்டமும் சேர்ந்துகொண்டது. 10⁻³ போட்டிருந்தால் விடை 4.54 மி.மீ. என்று வந்திருக்கும். அது மெல்லிய பென்சில் அளவுக்குத் தடிமன். கையில் இருக்கும் கம்பியைப் பார்த்தாலே தவறு தெரிந்திருக்கும். ஆனால் 0.454 மி.மீ. என்பது கடையில் கிடைக்கும் கம்பிகளின் வழக்கமான தடிமன்களில் ஒன்றுக்கு மிக அருகில் இருக்கிறது. ஆய்வகத்தில் அந்தத் தடிமனுள்ள கம்பிச் சுருள்கூட இருந்தது. அதனால் யாருக்கும் உறுத்தவில்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். கம்பியின் நீளம் 1.00 மீட்டர். அதன் இரு முனைகளுக்கிடையே மின்னழுத்த வேறுபாடு 0.31 வோல்ட், மின்னோட்டம் 0.50 ஆம்பியர். ஆகவே மின்தடை 0.62 ஓம்.

தவறான விட்டத்தை வைத்து A = πd²/4 என்று கணக்கிட்டால் பரப்பு 1.62 × 10⁻⁷ சதுர மீட்டர். மின்தடை எண் ρ = RA/l. விடை 1.0 × 10⁻⁷ ஓம் மீட்டர். இரும்பு!

சரியான விட்டம் எவ்வளவு? மில்லிமீட்டரிலேயே கூட்டிப் பாருங்கள். மொத்தம் 4.99, ஐந்தால் வகுத்தால் 0.998. இரண்டு தசம இடத்துக்குச் சுருக்கினால் 1.00 மி.மீ. பரப்பு 7.85 × 10⁻⁷ சதுர மீட்டர். மின்தடை எண் 4.9 × 10⁻⁷ ஓம் மீட்டர். இது கான்ஸ்டன்டன். செம்பும் நிக்கலும் கலந்த கலப்பு உலோகம், காந்தத்தில் ஒட்டாது. காந்தம் சொன்னதுதான் சரி.

விட்டம் பாதிக்கும் குறைவாகப் போனது. பரப்பில் விட்டம் வர்க்கமாக வருவதால் விடை ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்காகச் சுருங்கிவிட்டது.

பட்டியலுக்கு ஓர் அடுக்கு

இந்தப் பொறியில் விழாமலிருக்க வழி எளிது. ஒரே அளவின் பட்டியலை எழுதும்போது எல்லா வரிகளுக்கும் ஒரே அடுக்கை வையுங்கள். முன்னால் உள்ள எண் 1க்குக் கீழே போனாலும் 10க்கு மேலே போனாலும் பரவாயில்லை.

முதலில் அடுக்கைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பட்டியலில் உள்ள மிகப் பெரிய மதிப்பின் அடுக்கை எடுப்பது நல்ல பழக்கம். இங்கே அது 10⁻³. இதில் இன்னொரு வசதியும் உண்டு. 10⁻³ மீட்டர் என்பதே மில்லிமீட்டர். கருவியில் நீங்கள் வாசித்த எண் அப்படியே குறிப்பேட்டில் வந்து உட்காரும்.

அடுத்து, மற்ற வரிகளை அந்த அடுக்குக்கு மாற்ற வேண்டும். 9.8 × 10⁻⁴ என்பதை 10⁻³க்குக் கொண்டுவருகிறோம். அடுக்கு −4இலிருந்து −3க்கு ஒரு படி ஏறுகிறது, அதாவது பத்து மடங்கு பெரிதாகிறது. மொத்த மதிப்பு மாறக் கூடாது. ஆகவே முன்னால் உள்ள எண் பத்து மடங்கு சிறிதாக வேண்டும். 9.8 என்பது 0.98 ஆகிறது.

9.8 × 10⁻⁴ = 0.98 × 10⁻³

அடுக்கு ஏறினால் எண் இறங்கும், அடுக்கு இறங்கினால் எண் ஏறும். ஏற்றப் பலகையின் இரண்டு முனைகளைப் போல. எதிர்மறை அடுக்குகளில் பலர் தடுமாறுவது ஓரிடத்தில்தான். 4 என்பது 3ஐ விடப் பெரியது என்பதால் 10⁻⁴தான் பெரியது என்று நினைத்துவிடுகிறார்கள். −3தான் −4ஐ விடப் பெரியது. சந்தேகம் வந்தால் மதிப்பை மில்லிமீட்டரில் சொல்லிப் பாருங்கள். மாற்றுவதற்கு முன்னும் பின்னும் அதே மில்லிமீட்டர் வந்தால் மாற்றம் சரி.

இப்போது அதே பட்டியல்:

0.98 × 10⁻³
1.01 × 10⁻³
0.99 × 10⁻³
1.00 × 10⁻³
1.01 × 10⁻³

இப்போது முன்னால் உள்ள எண்களை மட்டும் கூட்டினாலும் தவறு வராது. 10⁻³ எல்லா வரிகளுக்கும் பொதுவானது என்பதால் அதை வெளியே எடுத்துவிடலாம். சராசரி 0.998 × 10⁻³, அதாவது 1.00 × 10⁻³ மீட்டர்.

10⁻⁴ஐத் தேர்ந்தெடுத்திருந்தால் 9.8, 10.1, 9.9, 10.0, 10.1 என்று வந்திருக்கும். அதுவும் சரியே. எந்த அடுக்கு என்பதைவிட ஒரே அடுக்கு என்பதே முக்கியம்.

"அப்படியானால் 0.98 × 10⁻³ என்று எழுதுவது விதிமீறல் இல்லையா?" என்று நீங்கள் கேட்கலாம். தனியாக நிற்கும் ஓர் இறுதி விடையைத் தரவடிவத்தில் கேட்டால், 9.8 × 10⁻⁴ என்றுதான் எழுத வேண்டும். அங்கே 0.98 × 10⁻³ என்று எழுதினால் மதிப்பெண் போகும். குறிப்பேட்டில் உள்ள அளவீட்டுப் பட்டியலின் வேலை வேறு. அது ஒப்பிடுவதற்கும் கூட்டுவதற்கும் இருப்பது. பட்டியலில் ஒரே அடுக்கு, இறுதி விடையில் தரவடிவம் என்று பிரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

தசம இடங்கள் சொல்லும் செய்தி

ஒரே அடுக்கில் எழுதுவதால் இன்னொரு நன்மையும் கிடைக்கிறது. இரண்டு பட்டியல்களையும் மீண்டும் பாருங்கள். முதல் பட்டியலில் 9.8க்கு ஒரு தசம இடம், 1.01க்கு இரண்டு. ஏதோ வெவ்வேறு கருவிகளில் அளந்தது போலத் தெரிகிறது. இரண்டாவது பட்டியலில் எல்லாவற்றுக்கும் இரண்டு தசம இடங்கள். திருகு அளவி எப்போதும் 0.01 மி.மீ. வரை காட்டும் என்ற உண்மை இந்தப் பட்டியலைப் பார்த்தவுடன் தெரிகிறது.

ஆகவே நேரடியாக அளந்த மதிப்புகளின் பட்டியலில் தசம இடங்கள் ஒன்றாக இருக்க வேண்டும். யாராவது 1.00 × 10⁻³ என்பதைச் சோம்பேறித்தனமாக 1 × 10⁻³ என்று எழுதினால் உடனே கண்ணில் படும். அந்த இரண்டு பூச்சியங்களும் அலங்காரத்துக்கு இல்லை. "0.01 மி.மீ. வரை பார்த்தேன், பூச்சியம்தான் இருந்தது" என்று அவை சொல்கின்றன.

அளவீட்டின் நிச்சயமின்மையையும் அதே அடுக்கில் எழுதுங்கள். (1.00 ± 0.01) × 10⁻³ மீட்டர். 1.00 × 10⁻³ ± 1 × 10⁻⁵ என்று எழுதினாலும் மதிப்பு ஒன்றுதான். ஆனால் நூற்றில் ஒரு பங்கு ஐயம் என்பது அதில் பளிச்சென்று தெரியாது.

அடுக்கைத் தலைப்புக்கு ஏற்றுங்கள்

ஐந்து வரியிலும் × 10⁻³ என்று எழுதுவது கைக்கு அலுப்பு. அட்டவணையில் அதை ஒரே முறை தலைப்பில் எழுதிவிடலாம். அதற்கு உலகெங்கும் பயன்படும் ஒரு முறை இருக்கிறது. அளவின் குறி, ஒரு சாய்கோடு, பிறகு அலகு.

d / 10⁻³ m
0.98
1.01
0.99
1.00
1.01

சாய்கோட்டை வகுத்தல் குறியாகவே படிக்க வேண்டும். "விட்டத்தை 10⁻³ மீட்டரால் வகுத்தால் கிடைப்பது 0.98" என்பது பொருள். அப்படியானால் விட்டம் 0.98 × 10⁻³ மீட்டர். இதில் குழப்பத்துக்கு இடமில்லை.

சிலர் தலைப்பில் d × 10⁻³ (m) என்று எழுதுகிறார்கள். இங்கேதான் சிக்கல். கீழே உள்ள எண்ணை 10⁻³ஆல் பெருக்க வேண்டுமா, அல்லது ஏற்கெனவே பெருக்கி முடித்த எண்தான் கீழே இருக்கிறதா? எழுதியவருக்குத் தெரியும், படிப்பவருக்குத் தெரியாது. இரண்டு மாதம் கழித்துத் தேர்வுக்குப் படிக்கும்போது எழுதியவருக்கும் தெரியாது. வரைபடத்தின் அச்சுகளுக்குப் பெயரிடும்போதும் இதே சாய்கோட்டு முறையைப் பயன்படுத்துங்கள்.

கணக்கிட்ட பட்டியலில் விதி மாறும்

வெவ்வேறு தடிமனுள்ள மூன்று கம்பிகளை அளந்ததாக வைத்துக்கொள்வோம். விட்டங்கள் 10⁻³ மீட்டரில் 1.00, 0.46, 0.19. இவற்றின் பரப்புகளை ஒரே அடுக்கில் எழுதினால்:

A / 10⁻⁶ m²
0.785
0.17
0.028

அடுக்கு ஒன்றுதான். ஆனால் தசம இடங்கள் ஒன்றாக இல்லையே? இருக்கக் கூடாது. இவை நீங்கள் அளந்தவை அல்ல, கணக்கிட்டவை. 1.00 என்பதில் மூன்று முக்கிய எண்ணுருக்கள் உண்டு, எனவே பரப்புக்கும் மூன்று. 0.46இலும் 0.19இலும் இரண்டுதான், எனவே பரப்புக்கும் இரண்டு. அழகுக்காகக் கடைசி வரியை 0.03 என்று சுருக்கினால், அளந்து பெற்ற தகவலில் ஒரு பகுதியைத் தூக்கி எறிகிறீர்கள். பட்டியல் நேராக நிற்க வேண்டும் என்பதற்காக 0.17ஐ 0.170 ஆக்கினால், இல்லாத துல்லியத்தை இருப்பதாகச் சொல்கிறீர்கள்.

மல்டிமீட்டர் செய்யும் குறும்பு

அலகைத் தானாகவே மாற்றிக்கொள்ளும் மல்டிமீட்டர் இருந்தால் இன்னும் கவனம் தேவை. ஒரு மின்தடையை அளக்கும்போது அது 985 Ω என்று காட்டும். அடுத்ததற்கு 1.02 kΩ என்று காட்டும். திரையில் அந்தச் சின்ன k எழுத்தைக் கவனிக்காமல் 985, 1.02 என்று எழுதிவிட்டால் கதை முடிந்தது.

ஒரே அடுக்குக்கு மாற்றினால் 0.985 × 10³, 1.02 × 10³ ஓம். இங்கே தசம இடங்கள் பொருந்தவில்லை என்று 1.020 ஆக்காதீர்கள். அந்தக் கடைசிப் பூச்சியத்தைக் கருவி காட்டவில்லை. முடிந்தால் மல்டிமீட்டரை ஒரே வீச்சில் நிறுத்தி வைத்து எல்லாவற்றையும் அளங்கள். அடுக்கும் தசம இடமும் தாமாகவே ஒன்றாகிவிடும்.

ஒரே அடுக்கு உதவாத இடமும் உண்டு. ஒளி உணர் மின்தடையம் வெளிச்சத்தில் சில நூறு ஓம் காட்டும், இருட்டில் பத்து லட்சம் ஓம் வரை போகும். அங்கே எல்லாவற்றையும் 10⁶இல் எழுதினால் சிறிய மதிப்புகள் 0.0003 என்று பூச்சியங்களுக்குள் புதைந்துவிடும். பெரியதற்கும் சிறியதற்கும் ஆயிரம் மடங்குக்கு மேல் வேறுபாடு இருந்தால், ஒவ்வொன்றையும் அதன் தரவடிவத்திலேயே எழுதுங்கள். ஆனால் அப்போது கண்ணால் ஒப்பிடாமல், முதலில் அடுக்கைப் பாருங்கள், பிறகு எண்ணைப் பாருங்கள்.

கணிப்பானில் ஒரு வார்த்தை

கணிப்பானில் 9.8 × 10⁻⁴ஐ உள்ளிட, 9.8 அழுத்தி, பிறகு EXP அல்லது ×10ˣ பொத்தானை அழுத்தி, −4 அழுத்த வேண்டும். அந்தப் பொத்தானிலேயே "பத்தின் அடுக்கு" அடங்கியிருக்கிறது. இடையில் × 10 என்று தனியாக அழுத்தினால் விடை பத்து மடங்கு பெரிதாகிவிடும். உங்கள் விடை சரியாகப் பத்து மடங்கு தள்ளியிருந்தால் முதலில் இதைச் சோதியுங்கள்.

நீங்களே செய்து பாருங்கள்

நுண்ணோக்கியில் வெங்காயத் தோலின் நான்கு உயிரணுக்களின் அகலம் மீட்டரில் இப்படிக் கிடைத்ததாக வைத்துக்கொள்ளுங்கள்: 8.5 × 10⁻⁵, 1.10 × 10⁻⁴, 9.0 × 10⁻⁵, 1.15 × 10⁻⁴. எது மிகப் பெரிய உயிரணு? சராசரி அகலம் என்ன? ஒரே அடுக்கில், சாய்கோட்டுத் தலைப்போடு அட்டவணை போட்டு விடை காணுங்கள். அதன் பிறகு கீழே பாருங்கள்.

விடை: தலைப்பு w / 10⁻⁴ m. மதிப்புகள் 0.85, 1.10, 0.90, 1.15. மிகப் பெரியது நான்காவது உயிரணு. சராசரி 1.00 × 10⁻⁴ மீட்டர், அதாவது ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு. உங்களுக்கு 4.94 என்ற எண் வந்திருந்தால், நீங்களும் அந்தக் கம்பிக் குழுவில் சேர்ந்துவிட்டீர்கள். பட்டியலை ஒரே அடுக்குக்கு மாற்றி, மீண்டும் கூட்டிப் பாருங்கள்.